நீளத்தை விடுத்து வரிசையைக் கொள்ளல்: லண்டன் நிலத்தடி ரயில் படமும் அதன் வாசிப்பும்

லண்டன் நிலத்தடி ரயிலில் பாடிங்டனிலிருந்து பாண்ட் ஸ்ட்ரீட்டுக்குச் செல்லப் பல காலம் இரண்டு வழிகள் இருந்தன. கிழக்கே பேக்கர் ஸ்ட்ரீட் வரை சென்று ஜூபிலி தடத்துக்கு மாறுவது ஒன்று. நாட்டிங் ஹில் கேட் சென்று சென்ட்ரல் தடத்துக்கு மாறுவது மற்றொன்று. நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர் ஷான் குவோ 2011இல் வெளியிட்ட ஆய்வு இந்த இரண்டு வழிகளை ஒப்பிட்டது. நிலையங்களில் வழங்கப்படும் படத்தில் நாட்டிங் ஹில் கேட் வழி சுமார் 10 விழுக்காடு குட்டையாகத் தெரிந்தது. உண்மையில் அதற்குச் சுமார் 15 விழுக்காடு கூடுதல் நேரம் பிடித்தது. ஆயினும் பயணிகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் அதிலேயே சென்றனர். வழியைத் தேர்வதில், உண்மையான பயண நேரத்தைவிடப் படத்தில் தெரியும் நீளம் ஏறத்தாழ இரு மடங்கு செல்வாக்குச் செலுத்துகிறது என்பது அவர் கண்ட முடிவு.

அப்படியானால் படம் தவறா? தவறு படத்தில் இல்லை, அதை நிலப்படம்போல் வாசிப்பதில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்தப் படம் சிலவற்றைக் காக்கவே சிலவற்றைக் கைவிடுகிறது. எது காக்கப்பட்டது, எது கைவிடப்பட்டது என்று பிரித்தறிந்தால், பாடிங்டன் பயணிக்கு வேண்டிய விடை அதே தாளிலேயே கிடைத்திருக்கும்.

திரிபு ஏன் தேவைப்பட்டது

லண்டன் நிலத்தடி ரயிலில் மிகக் குறுகிய இடைவெளி லெஸ்டர் ஸ்குவேருக்கும் கோவென்ட் கார்டனுக்கும் இடையிலானது. அது சுமார் 260 மீட்டர். நடுவில் வேறு நிலையமே இல்லாத மிக நீண்ட இடைவெளி வடமேற்குக் கோடியில் சால்ஃபன்ட் அண்டு லாட்டிமருக்கும் செஷமுக்கும் இடையிலானது. அது 6 கி.மீ.க்குச் சற்று மேல், அதாவது முன்னதைப் போல் சுமார் 24 மடங்கு. ஒரே அளவையில் வரைவதாக வைத்துக்கொள்வோம். மையத்தில் இரண்டு நிலையங்களின் பெயர்களை எழுத இடம் வேண்டுமே என்று முதல் இடைவெளிக்கு அரை சென்டிமீட்டர் கொடுத்தால், இரண்டாவதற்கு 12 சென்டிமீட்டர் போய்விடும். மேற்கே செஷமிலிருந்து கிழக்கே அப்மின்ஸ்டர் வரை அடங்கத் தாளின் அகலம் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். தாளைச் சுருக்கினாலோ மையத்தில் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

1920களில் தடங்கள் புறநகருக்கு நீண்டபோது இந்த நெருக்கடி முற்றியது. நில அமைப்பை ஒட்டி வரையப்பட்ட அக்காலப் படங்களில், மையத்தில் பெயர்கள் நெரிந்தன. புறநகரின் கோடித் துண்டுகளுக்குத் தாளில் இடமில்லாமல் போனது. நிலத்தடி ரயில் நிறுவனத்தின் சமிக்ஞைப் பிரிவில் வரைவாளராக இருந்த ஹாரி பெக் 1931இல் வேறொரு படத்தை வரைந்து கொடுத்தார். புரட்சிகரமாக இருக்கிறது என்று முதலில் ஒதுக்கப்பட்ட அது, ஜனவரி 1933இல் சட்டைப்பைப் படமாக வெளிவந்தது. தடங்கள் எல்லாம் கிடையாக, செங்குத்தாக, அல்லது 45 பாகைச் சாய்வாக மட்டுமே சென்றன. நிலையங்களின் இடைவெளிகள் ஏறத்தாழ சமமாயின. தரைமேல் உள்ளவற்றில் தேம்ஸ் ஆறு மட்டும் மிஞ்சியது. மையப் பகுதியைக் குவிவில்லை வழியே பார்ப்பதுபோல் பெரிதாக்கியதாகப் பெக் விளக்கினார். மையம் விரிந்தது, புறம் சுருங்கியது. இதனால் ஒரே தாளில் அளவை இடத்துக்கு இடம் மாறுகிறது. படத்தின் ஒரு மூலையில் ஒரு சென்டிமீட்டர் என்பது மறு மூலையின் ஒரு சென்டிமீட்டர் அல்ல.

இவ்வளவு வளைத்த பிறகும் மாறாமல் நிற்பவை இரண்டு. ஒரு தடத்தில் எந்த நிலையத்துக்குப் பின் எது வரும் என்ற வரிசை ஒன்று. எந்தத் தடமும் எந்தத் தடமும் எங்கே சந்திக்கின்றன என்ற இணைப்பு மற்றொன்று. கணிதத்தில் இடவியல் என்ற துறை ஆராய்வது இவ்வகைப் பண்புகளையே. ரப்பர் விரிப்பில் வரைந்த கோலத்தை எப்படி இழுத்தாலும் புள்ளிகளின் வரிசையும் கோடுகளின் சந்திப்பும் மாறுவதில்லை. நீளமும் கோணமும் மட்டுமே மாறும்.

ஒரு வழியை வாசித்தல்

இனி பாடிங்டனுக்குத் திரும்புவோம். நீளத்தை மறந்துவிட்டு, படம் காத்துவைத்திருக்கும் வரிசையை மட்டும் எண்ணுவோம். பேக்கர்லூ தடத்தில் எட்ஜ்வேர் ரோடு, மேரில்போன், பேக்கர் ஸ்ட்ரீட். அங்கே மாறினால் அடுத்தது பாண்ட் ஸ்ட்ரீட். நான்கு இடைவெளிகள், ஒரு மாற்றம். மற்ற வழியில் பேஸ்வாட்டர், நாட்டிங் ஹில் கேட். மாறிய பின் குயின்ஸ்வே, லங்காஸ்டர் கேட், மார்பிள் ஆர்ச், பாண்ட் ஸ்ட்ரீட். ஆறு இடைவெளிகள், அதே ஒரு மாற்றம். கண் குட்டை என்று சொன்ன வழியை எண்ணிக்கை நெட்டை என்று காட்டிவிடுகிறது.

தரையில் பார்த்தால் காரணம் விளங்கும். பாண்ட் ஸ்ட்ரீட் பாடிங்டனுக்குக் கிழக்கே, நேர்க்கோட்டில் 2 கி.மீ.க்கும் சற்றுக் குறைவான தொலைவில் இருக்கிறது. நாட்டிங் ஹில் கேட் அதற்கு எதிர்ப்புறம், தென்மேற்கே ஒன்றரை கி.மீ.க்கு மேல். அவ்வழியே போகிறவர் முதலில் இலக்கைவிட்டு விலகிச் செல்கிறார். வேடிக்கை என்னவென்றால், பேஸ்வாட்டரும் குயின்ஸ்வேயும் ஒரே தெருவில் இரண்டொரு நிமிட நடைத் தொலைவில் உள்ளவை. பேஸ்வாட்டரைக் கடந்து போய், இறங்கி, மாறி, ரயிலேறி, மீண்டும் ஏறத்தாழ அதே இடத்துக்கு அவர் வந்து சேர்கிறார். இரண்டும் வெவ்வேறு தடங்களில் இருப்பதால் படம் இந்த நெருக்கத்தைச் சொல்லவில்லை. இணைப்பு இல்லாத இரு நிலையங்கள் தரையில் எவ்வளவு அருகில் என்பது அது தர ஒப்புக்கொண்ட தகவலே அல்ல. அதற்கு 2015இல் லண்டன் போக்குவரத்து நிறுவனம் வெளியிட்ட, நிலையங்களுக்கிடையே நடக்கும் நிமிடங்களைக் குறித்த படத்தைப் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கையின் எல்லை

எண்ணுவதும் எங்கும் பொருந்தும் விதியல்ல. நிலையங்கள் ஏறத்தாழ ஒரே நெருக்கத்தில் உள்ள நகர் மையத்தில்தான் அது நேரத்துக்கு நல்ல மாற்று. ஃபிஞ்ச்லி ரோடிலிருந்து வெம்ப்ளி பார்க் வரை மெட்ரோபாலிட்டன் தடத்தில் ஒரே இடைவெளி. அதே பாதையில் பக்கத்திலேயே ஓடும் ஜூபிலி தடத்தில் ஆறு. சுமார் 7 கி.மீ. நிற்காமல் போகும் ரயில் முந்தும்தான், ஆனால் ஆறில் ஒரு பங்கு நேரத்தில் சேர்ந்துவிடாது. ஆகவே புறநகரில் இடைவெளிகளை எண்ணி நேரத்தைக் கணிக்கக் கூடாது. கால அட்டவணையைப் பார்ப்பதே முறை. மாறும் நிலையத்தைக் குறிக்கும் வட்டமும் அப்படித்தான். உள்ளே நடக்க வேண்டிய தாழ்வாரத்தின் நீளத்தை அது காட்டாது. எனவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் நடை, காத்திருப்பு என்று சில நிமிடங்களைத் தனியே கூட்டிக்கொள்ள வேண்டும்.

நிலத்தை அப்படியே வரைந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். நியூயார்க்கில் மாசிமோ விக்னெலி 1972இல் செய்த கோட்டுப்படம் 1979இல் கைவிடப்பட்டு, நில அமைப்பை ஒட்டிய படம் வந்தது உண்மை. ஆனால் அங்கே தெருக்கள் எண்ணிட்ட கட்டங்களாக இருப்பதால், ஒரு நிலையம் எந்த அவென்யூவில் இருக்க வேண்டும் என்பது பயணிக்கு முன்பே தெரியும். படம் அதற்கு மாறாகச் சொன்னபோது உடனே உறுத்தியது. லண்டன் தெருக்களுக்கு அத்தகைய ஒழுங்கு இல்லை. திசை அறிய அங்குள்ள ஒரே பிடி ஆறுதான். 2009இல் தேம்ஸைப் படத்திலிருந்து நீக்கியபோது கிளம்பிய எதிர்ப்பால், சில மாதங்களிலேயே அது மீண்டும் சேர்க்கப்பட்டது.

அக்டோபர் 2022இல் எலிசபெத் தடத்தின் பாண்ட் ஸ்ட்ரீட் நிலையம் திறந்த பின், பாடிங்டனிலிருந்து அது அடுத்த நிலையமே. அந்தப் பயணிக்கு இப்போது வழி தேரும் சிக்கல் இல்லை. மற்றப் பயணங்களுக்கு முறை அதேதான்: நிலையங்களை எண்ணுக, மாற்றங்களைக் கூட்டுக, கோட்டின் நீளத்தைக் கணக்கில் சேர்க்காதிருக்க.