ஜேன் ஆஸ்டினின் முதல் வாழ்க்கை வரலாறு: முகப்பு ஆண்டும் உண்மை ஆண்டும்

ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் இறந்து எவ்வளவு காலம் கழித்து அவருடைய வாழ்க்கை வரலாறு அச்சில் வந்தது என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் புழங்குகின்றன. ஓராண்டு கழித்து, 1818-இல் என்பது ஒன்று. அரை நூற்றாண்டுக்கும் மேலாகி, 1870-இல் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் அச்சு நூல்களின் முகப்புப் பக்கமே ஆதாரம். ஆயினும் இரண்டு ஆண்டுகளுமே தவறு. எந்த நூலை 'முதல் வரலாறு' என்று கொள்வது என்பது கருத்து வேறுபாட்டுக்கு இடமுள்ள கேள்வி. அந்த நூல் எப்போது வெளிவந்தது என்பதோ சான்று கொண்டு தீர்க்கக் கூடியது.

இறந்த நாளில் ஐயமில்லை. 1817 ஜூலை 18 அன்று வின்செஸ்டர் நகரில், வைத்தியத்துக்காகத் தங்கியிருந்த வாடகை வீட்டில் ஆஸ்டின் உயிர் நீத்தார். அந்நகரப் பேராலயத்திலுள்ள கல்லறைக் கல் அந்தத் தேதியையும் 41 என்ற வயதையும் தருகிறது. குடும்பத்தார் எழுதிய குறிப்பு அன்று வெள்ளிக்கிழமை என்கிறது. நாள்காட்டியைக் கணக்கிட்டால் 1817 ஜூலை 18 வெள்ளியாகவே வருகிறது. கிழமையும் தேதியும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பது சிறு வேலைதான். ஆனால் பழைய ஆவணங்களில் பிழையான தேதிகள் பலவும் இந்த இடத்தில்தான் பிடிபடுகின்றன.

உயிரோடிருந்தவரை ஆஸ்டினின் நாவல்கள் எதிலும் அவர் பெயர் அச்சிடப்படவில்லை. முதல் நாவலின் முகப்பில் 'ஒரு சீமாட்டி எழுதியது' என்று மட்டும் இருந்தது. அடுத்து வந்தவற்றில் முந்தைய நாவல்களின் பெயரைச் சொல்லி அவற்றின் ஆசிரியர் என்று குறித்தார்கள். அவர் இறந்த சில நாட்களில், ஜூலை 22 அன்று, லண்டனின் 'கூரியர்' நாளிதழில் வந்த இறப்புச் செய்தி, காலஞ்சென்ற பாதிரியாரின் மகள் என்பதோடு நான்கு நாவல்களின் பெயரையும் சேர்த்துச் சொன்னது. அது சில வரிச் செய்திதான். வாழ்வின் போக்கை அது சொல்லவில்லை என்பதால் அதை வரலாறு என்று நான் கொள்ளவில்லை. ஆனால் ஆசிரியர் யார் என்பதை முதலில் வெளிப்படுத்தியது அண்ணன் எழுதிய குறிப்பே என்று பல இடங்களில் எழுதப்படுவதை இந்தச் செய்தி மறுக்கிறது.

அந்தக் குறிப்புதான் நம் ஆய்வின் மையம். அண்ணன் ஹென்றி ஆஸ்டின், தங்கை கைப்பிரதியாக விட்டுச்சென்ற 'நார்த்தாங்கர் அபே', 'பர்சுவேஷன்' என்ற இரு நாவல்களையும் நான்கு தொகுதிகளாக ஜான் மர்ரி பதிப்பகத்தின் வழியே வெளியிட்டார். முதல் தொகுதியின் தொடக்கத்தில் ஆசிரியரைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்பு ஒன்றைத் தம் பெயர் போடாமல் சேர்த்தார். பிறப்பு, குடும்பம், படிப்பு, குணநலம், நோய், மரணம் ஆகிய அனைத்தும் அதில் உண்டு. குறுகியதென்றாலும் முழு வடிவமுள்ள வாழ்க்கை வரலாறு அது. முகப்புப் பக்கத்தில் உள்ள ஆண்டு 1818.

முகப்பை மட்டும் பார்த்துவிட்டு நூலை மூடிவிடுபவர் 1818 என்றே குறித்துக்கொள்வார். ஆனால் குறிப்பின் முடிவில் லண்டன் என்ற இடமும் 1817 டிசம்பர் 13 என்ற தேதியும் உள்ளன. அதற்குக் கீழே ஒரு பின்குறிப்பும் இருக்கிறது. ஆஸ்டினின் கடிதங்களிலிருந்து சில பகுதிகள் பிறகு கைக்குக் கிடைத்ததாகச் சொல்லி, அவற்றைத் தந்து, டிசம்பர் 20 என்று தேதியிட்டு அது முடிகிறது. ஆகவே டிசம்பர் 20-க்கு முன்பு இந்த நூல் முழுமையாக அச்சாகியிருக்க முடியாது. இது கீழெல்லை.

இத்தனை பிந்தி எழுதியது எப்படி நூலின் தொடக்கத்தில் இடம்பெற்றது என்று கேட்கலாம். முகப்பும் முன்னுரையும் அடங்கிய முன்பக்கங்களுக்கு ரோமன் எண்கள் இட்டு, கதையை ஒன்று என்ற எண்ணிலிருந்து தொடங்குவது அக்கால அச்சகங்களின் வழக்கம். முன்பக்கங்கள் தனித் தாள்களாகக் கடைசியில் அச்சாகும். எனவே கதை முழுவதும் அச்சாகித் தயாராக இருக்கும்போதும் முன்னுரையில் ஒரு பின்குறிப்பைச் சேர்க்க இடமிருந்தது. வாசகர் முதலில் படிப்பது அச்சகத்தில் கடைசியாக ஓடிய தாள். பழைய நூல்களின் காலத்தைக் கணிப்பவர் இதை ஒருபோதும் மறக்கக் கூடாது.

மேலெல்லைக்கு நூலுக்கு வெளியே போகவேண்டும். அந்த டிசம்பரின் பிற்பகுதியிலேயே லண்டன் நாளிதழ்களில் இந்த நான்கு தொகுதிகளுக்கு விளம்பரங்கள் வந்துவிட்டன. ஆஸ்டின் நூல்களின் விவரப்பட்டியலைத் தொகுத்த டேவிட் கில்சனும் 1817 டிசம்பர் இறுதியையே வெளியீட்டுக் காலமாகக் கொள்கிறார். விளம்பரம் வந்ததாலேயே நூல் அன்று கடைக்கு வந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. பதிப்பகத்தார் முன்கூட்டி அறிவிப்பதும் நாளைத் தள்ளிப்போடுவதும் உண்டு. ஆகவே மதிப்புரையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 'பிரிட்டிஷ் கிரிட்டிக்' இதழின் மதிப்புரை 1818 மார்ச்சில் வந்தது. இந்தக் காலவரிசையில் முரண் எதுவும் இல்லை.

அப்படியானால் 1818 என்று அச்சிட்டது ஏன்? ஆண்டின் கடைசி வாரங்களில் வரும் நூலுக்கு அடுத்த ஆண்டைப் போடுவது பதிப்பகங்களின் வணிக வழக்கம். சில நாட்களிலேயே நூல் 'போன வருடத்துச் சரக்கு' ஆகிவிடாமல் இருக்க இது வழி. இதனால் நமக்கு ஏற்படும் நட்டம் பெரிது. 1818-லிருந்து 1817-ஐக் கழித்து ஓராண்டு என்று எழுதுகிறோம். உண்மையான இடைவெளி ஐந்து மாதங்களும் சில நாட்களும்தான். அந்த ஐந்து மாதம் என்பதை மனத்தில் வைத்துப் படித்தால் குறிப்பின் தொனியே விளங்குகிறது. தங்கையிடம் குறையே காணாத, நிகழ்ச்சிகளற்ற வாழ்வு என்று சொல்லும் அந்த எழுத்து, துக்கம் ஆறாத வீட்டிலிருந்து வந்தது. நிதானமான மதிப்பீடாக அதை எடுத்துக்கொண்ட பிற்கால விமர்சகர்கள் அதன் மேல் தாங்க முடியாத சுமையை ஏற்றினார்கள்.

ஹென்றியே அதைத் திருத்தி, ரிச்சர்டு பென்ட்லி பதிப்பகம் வெளியிட்ட 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' மறுபதிப்புக்குத் தந்தார். திருத்திய வடிவத்தின் கீழே 1832 அக்டோபர் 5 என்ற தேதி இருக்கிறது. முகப்பிலோ 1833. முதல் குறிப்பும் இதுவும் ஒன்றே என்று எண்ணி ஒன்றிலுள்ள வாசகத்தை மற்றதன் ஆண்டோடு மேற்கோள் காட்டுவது இன்றும் காணக்கூடிய பிழை.

தனி நூலாக வந்த முதல் வரலாறு, மற்றோர் அண்ணனின் மகன் ஜேம்ஸ் எட்வர்டு ஆஸ்டின்-லீ எழுதியது. அத்தையின் அடக்கத்தில் கலந்துகொண்டபோது அவருக்கு 18 வயது. ஜேனின் உடன்பிறந்தோரில் கடைசியாக எஞ்சியிருந்த பிரான்சிஸ் 1865-இல் காலமான பிறகே இந்த வேலை தொடங்கியது. கடிதங்கள் பலவற்றை அக்காள் கசாண்ட்ரா தம் இறுதிக் காலத்தில் எரித்துவிட்டிருந்தார். ஆகவே தம் சகோதரிகள் அன்னா, கரோலின் இருவரின் நினைவுகளையும் ஆஸ்டின்-லீ பெரிதும் நம்பவேண்டியிருந்தது. நூலின் முகப்பு 1870 என்கிறது. வெளிவந்த நாளோ 1869 டிசம்பர் 16, அத்தையின் பிறந்த நாள். மீண்டும் டிசம்பர், மீண்டும் அடுத்த ஆண்டின் எண். இடைவெளி 53 ஆண்டு அல்ல, 52 ஆண்டும் ஏறக்குறைய ஐந்து மாதமும். 1871-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 'லேடி சூசன்' போன்ற அச்சேறாத ஆக்கங்கள் சேர்ந்தன. எனவே அவற்றின் முதல் அச்சுக்கு 1870-ஐச் சான்றாகக் காட்டுவதும் தவறாகும்.

ஆகவே 'முதல் வரலாறு' என்று எழுதுபவர், நூலின் முன்பகுதியாக வந்த குறிப்பைச் சொல்கிறாரா தனி நூலைச் சொல்கிறாரா என்பதை முதலில் தெளிவாக்கவேண்டும். என் கருத்தில் அந்த இடம் ஹென்றியின் குறிப்புக்கே உரியது. பிறப்பு முதல் இறப்பு வரை சொல்லும் எழுத்துக்கு நீளம் குறைவு என்பது தகுதிக் குறைவாகாது. மேற்கோளில் முகப்பு ஆண்டை மாற்றிவிடக் கூடாது. நூலகப் பட்டியலில் அந்த ஆண்டைக் கொண்டுதான் வாசகர் தேடுவார். 'மர்ரி, லண்டன், முகப்பில் 1818. வெளியீடு 1817 டிசம்பர் இறுதி' என்று இரண்டையும் அருகருகே தரவேண்டும். ஆஸ்டின்-லீயின் நூலுக்கும் அவ்வாறே: 'பென்ட்லி, லண்டன், முகப்பில் 1870, வெளியீடு 1869 டிசம்பர் 16'.