பின்னுக்குப் போன சிறிய எண்: பியர்சன் முதல் ஹாட்டலிங் வரை ஐகன் மதிப்புகளின் பொருள்

முதன்மைக் கூறு ஆய்வைக் கற்பிக்கும் பாடநூல்கள் பெரும்பாலும் பெரிய ஐகன் மதிப்பிலிருந்தே தொடங்குகின்றன. தரவின் மொத்த விலக்க வர்க்கச் சராசரியில் (இனி ‘பரவல்’) இத்தனை விழுக்காடு முதல் திசையில் அடங்கும் என்று சொல்லி மேலே செல்கின்றன. ஆனால் இம்முறைக்கு அடித்தளமிட்ட கார்ல் பியர்சனின் 1901ஆம் ஆண்டுக் கட்டுரையில் கவனமெல்லாம் சிறிய மதிப்பின் மேல்தான். இந்த இடமாற்றம் எப்படி நடந்தது, அதில் எது கைநழுவியது என்பதைப் பியர்சன் எடுத்துக்காட்டிய பத்துப் புள்ளிகளைக் கொண்டே பார்க்கலாம்.

லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் இருந்த பியர்சன் அக்கட்டுரையைப் ‘பிலாசபிகல் மேகசின்’ இதழில் வெளியிட்டார். அவருடைய சிக்கல் எளிமையானது. வழக்கமான மீச்சிறு வர்க்க முறையில் x துல்லியமானது, பிழை முழுவதும் y-யில் மட்டுமே என்று கொள்கிறோம். இரண்டையுமே அளந்து பெற்றிருந்தால் அது நியாயமில்லை. ஆகவே புள்ளிகளிலிருந்து கோட்டுக்கு வரையும் செங்குத்துத் தொலைவுகளின் வர்க்கங்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை மிகச் சிறிதாகும் கோட்டை அவர் தேடினார். 1878இல் ராபர்ட் ஆட்காக் இதே கேள்வியை எழுப்பியிருந்தாலும், அதை எத்தனை மாறிகளுக்கும் பொருந்தும்படி விரித்தவர் பியர்சன்.

அவருடைய புள்ளிகள் இவை:

```
x: 0.0 0.9 1.8 2.6 3.3 4.4 5.2 6.1 6.5 7.4
y: 5.9 5.4 4.4 4.6 3.5 3.7 2.8 2.8 2.4 1.5
```

சராசரிகள் 3.82, 3.70. ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அதன் சராசரியைக் கழித்து, வர்க்கங்களையும் பெருக்கற்பலன்களையும் கூட்டிப் பத்தால் வகுத்தால் x-இன் பரவல் 5.6396, y-யின் பரவல் 1.722, இரண்டின் உடன்மாறுபாடு −3.043. உடன்மாறுபாட்டு அணி என்பது இந்த மூன்று எண்கள்தாம். பரவல்கள் மூலைவிட்டத்திலும் உடன்மாறுபாடு மற்ற இரு இடங்களிலும் அமரும். பத்துக்குப் பதில் ஒன்பதால் வகுக்கும் வழக்கமும் உண்டு. அப்போது ஐகன் மதிப்புகள் ஒரே விகிதத்தில் பெருகும், திசைகள் அசைவதில்லை.

பியர்சன் அணிகளைக் கையாளவில்லை. புள்ளிக்கூட்டத்துக்கு உரிய நீள்வட்டத்தின் நெட்டச்சே தாம் தேடிய கோடு என்று நிறுவி, அதன் சாய்கோணத்தை tan 2θ = 2×(−3.043)/(5.6396 − 1.722) என்ற சமன்பாட்டிலிருந்து பெறும் வழி அவருடையது. கோணம் சுமார் −28.6 பாகை, சாய்வு −0.546. இன்றைய வழியில் இதையே λ² − 7.3616λ + 0.4515 = 0 என்று எழுதுகிறோம். நடு எண் மூலைவிட்டக் கூட்டுத்தொகை, கடைசி எண் அணிக்கோவை. மூலங்கள் 7.300, 0.062. இத்தகைய சமச்சீர் அணியின் மூலங்கள் எப்போதும் மெய்யெண்களே என்பதைக் கோள்களின் இயக்கத்தோடு தொடர்புடைய ஓர் ஆய்வில் கோஷி 1829இலேயே காட்டியிருந்தார். அந்த முடிவு இல்லையென்றால் இவற்றைப் பரவல் என்று அழைக்கவே இடமிருந்திருக்காது.

இந்த இரண்டில் பியர்சனுக்கு விடை தந்தது 0.062. புள்ளிகள் கோட்டிலிருந்து விலகி நிற்கும் செங்குத்துத் தொலைவுகளின் வர்க்கச் சராசரி அது. வர்க்கமூலம் எடுத்தால் 0.249; கோட்டின் சராசரிப் பிழை அவ்வளவுதான் என்று நேரடியாகப் படிக்கலாம். அதற்குரிய திசை இன்னும் ஒன்று சொல்கிறது. 0.479x + 0.878y என்ற கூட்டை ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்கிட்டால் விடைகள் 4.65க்கும் 5.38க்கும் இடையிலேயே நிற்கின்றன. x பூச்சியத்திலிருந்து 7.4 வரை ஓடினாலும் இந்தக் கூட்டு ஏறத்தாழ மாறிலி. இரு மாறிகளையும் பிணைக்கும் விதி சிறிய ஐகன் மதிப்பின் திசையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. என் பார்வையில் பியர்சன் கட்டுரையின் சாரம் இதுவே.

அமெரிக்கப் புள்ளியியலாளர் ஹெரால்டு ஹாட்டலிங் 1933இல் கல்வி உளவியல் இதழ் ஒன்றில் எழுதியபோது கேள்வியே மாறிவிட்டது. கோடு பொருத்துவது அவர் நோக்கமல்ல. பல தேர்வுகளின் மதிப்பெண்களுக்குப் பின்னால் ஒன்றோடொன்று ஒட்டுறவற்ற சில அடிப்படைக் கூறுகள் உண்டா என்று தேடினார். 140 ஏழாம் வகுப்பு மாணவர்களின் வாசிப்பு வேகம், வாசிப்புத் திறன், கணக்கு வேகம், கணக்குத் திறன் ஆகிய நான்கு மதிப்பெண்கள் அவருடைய எடுத்துக்காட்டு. ஒவ்வொரு மாறியையும் அதன் திட்டவிலக்கத்தால் வகுத்துக்கொண்டதால் அணி ஒட்டுறவு அணியாயிற்று. மொத்தப் பரவல் 4. ஐகன் மதிப்புகள் 1.846, 1.465, 0.521, 0.167. முதல் கூறில் நான்கு தேர்வுகளும் ஒரே குறியோடு சேர்கின்றன. அது பொதுத்திறன் என்று படிக்கப்பட்டது. இரண்டாவதில் கணக்கும் வாசிப்பும் எதிரெதிர்க் குறி பெறுகின்றன. இங்கே பெரிய எண்தான் செய்தி, 0.167 விட்டுவிடத் தக்க மிச்சம். முதல் இரண்டு கூறுகளும் சேர்ந்து 83 விழுக்காட்டைத் தாங்குகின்றன என்ற பேச்சு இந்த வழியில் வந்ததுதான்.

அந்த விழுக்காட்டில் ஒரு பொறி இருக்கிறது. பியர்சனின் புள்ளிகளில் முதல் திசையின் பங்கு 99.16 விழுக்காடு. y-யை மட்டும் சென்டிமீட்டரிலிருந்து மில்லிமீட்டருக்கு மாற்றியதாகக் கொண்டு பத்தால் பெருக்குங்கள். ஐகன் மதிப்புகள் 177.6, 0.254 ஆகின்றன, பங்கு 99.86 விழுக்காடு. புதிதாக எதையும் அளக்காமலே விளக்கம் கூடிவிட்டது. கோடும் நகர்கிறது. பழைய அலகுக்குத் திருப்பினால் சாய்வு −0.565. இது x-ஐ y-யிலிருந்து கணிக்கும் தொடர்புப் போக்குக் கோட்டின் சாய்வான −0.566ஐ ஒட்டியது. மாறாக y-யின் அலகைப் பெரிதாக்கி எண்களைச் சுருக்கினால், y-யை x-இலிருந்து கணிக்கும் கோட்டின் −0.540ஐ நோக்கி அது போகும். ஆக முதன்மைத் திசை இவ்விரு கோடுகளுக்கும் இடையே அலகுக்குத் தகுந்தபடி ஊசலாடுகிறது.

ஹாட்டலிங்கைப் போல் திட்டவிலக்கத்தால் வகுப்பது அலகுச் சிக்கலைத் தீர்க்கிறது. அதற்கு ஒரு விலையும் உண்டு. இரண்டே மாறிகள் இருந்தால் ஒட்டுறவு அணியின் திசைகள், ஒட்டுறவு பூச்சியமாக இல்லாதவரை, எந்தத் தரவுக்கும் 45 பாகையில்தான் நிற்கும். பியர்சனின் தரவில் ஒட்டுறவு −0.976, ஐகன் மதிப்புகள் 1.976, 0.024. அவை ஒட்டுறவையே வேறு உடையில் தருகின்றன. திசையிலிருந்து அறிய எதுவும் மிஞ்சவில்லை.

சிறிய தரவில் எழும் அடுத்த கேள்வி, எதை எவ்வளவு நம்பலாம் என்பது. கிர்ஷிக் 1939இலும் ஆண்டர்சன் 1963இலும் இதற்கான கோட்பாட்டைத் தந்தனர். இயல்நிலைத் தரவில் ஓர் ஐகன் மதிப்பின் திட்டப்பிழை, n பெரிதாக இருக்கும்போது, ஏறத்தாழ λ√(2/n). பத்துப் புள்ளிகளுக்கு இந்தச் சூத்திரம் தோராயமானதே, என்றாலும் 7.3க்கு அது தரும் பிழை 3.3, கிட்டத்தட்டப் பாதி. திசையின் பிழையோ இரு மதிப்புகளுக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. இங்கே இடைவெளி பெரிது; ஆகவே திசை இரண்டு பாகைக்குள்ளேயே ஆடுகிறது. மதிப்பு தளர்ந்தும் திசை உறுதியாகவும் இருக்கும் நிலை இது. ஹாட்டலிங்கின் மாணவர் தரவில் நிலைமை தலைகீழ். ஒட்டுறவு அணிக்கு இச்சூத்திரம் அப்படியே பொருந்தாது என்றாலும், அளவு தெரிய வைத்துப் பார்த்தால் 1.846இன் பிழை சுமார் 0.22, அடுத்த மதிப்புக்கு உள்ள இடைவெளி 0.38 மட்டுமே. இன்னொரு 140 மாணவர்களை எடுத்தால் முதல் இரண்டு திசைகளும் தமக்குள் கலந்து சுழன்றிருக்கக்கூடும். அவ்விரண்டும் சேர்ந்த தளம் நிலையானது. அதற்குள் ஒன்றைப் பொதுத்திறன் என்று பிரித்துப் பெயரிட்டது அவ்வளவு உறுதியானதல்ல.

சிறிய தரவுக்கு முதன்மைத் திசைகளை வெளியிடுவோர் விழுக்காட்டை மட்டும் தந்து நிறுத்த வேண்டாம். அளந்த அலகையும், புள்ளிகளின் எண்ணிக்கையையும், கடைசி ஐகன் மதிப்பின் வர்க்கமூலத்தையும் அதன் பக்கத்திலேயே எழுத வேண்டும்.