ஓங்கிய கை எங்கே நிற்க வேண்டும்? தற்காப்புரிமையின் சிறு வரலாறு

"அவன்தான் முதல்ல அடிச்சான், அதாலதான் நானும் அடிச்சன்." ஊர்ச் சண்டை பொலிசுக்குப் போனால் முதலில் காதில் விழும் வசனம் இதுதான். இதைச் சொல்லிவிட்டால் தப்பிக்கலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் சட்டம் யார் முதலில் அடித்தார் என்பதோடு நிற்பதில்லை. அடித்த நேரத்தில் ஆபத்து இருந்ததா, அதைத் தடுக்க எவ்வளவு பலம் தேவைப்பட்டது என்றும் அது கேட்கிறது.

இந்தக் கேள்வி நம் நாட்டுச் சட்டத்துக்கு வந்தது இந்தியா வழியாக. 1837இல் மெக்காலே தலைமையிலான ஆணைக்குழு இந்தியாவுக்கு ஒரு தண்டனைச் சட்ட வரைவை எழுதியது. இந்நாட்டு மக்கள் அடிவாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பவர்கள், அவர்களுக்குத் துணிவூட்ட வேண்டும் என்பது மெக்காலேயின் எண்ணம். ஆளுகிறவனின் அகந்தை அதில் தெரிகிறது. ஆனாலும் தற்காப்புரிமை தாராளமாக எழுதப்பட அதுவே காரணமாயிற்று. அந்த வரைவு 1860இல் இந்தியச் சட்டமானது. அதைப் பின்பற்றி 1883இல் இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை வந்தது. அதன் 89 முதல் 99 வரையான பிரிவுகள்தான் இன்றும் நமது தற்காப்புச் சட்டம்.

இந்தப் பிரிவுகள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க, ஒலுவில் துறைமுகத்தில் ஓர் இரவைக் கற்பனை செய்வோம். மீனவர் ஒருவர் தன் படகிலேயே படுத்திருக்கிறார். எஞ்சினைக் களவெடுக்க ஒருவன் ஏறுகிறான், கையில் ஒன்றுமில்லை. மீனவர் அவனைத் தள்ளலாம், அடிக்கலாம், பிடித்துக் கட்டலாம். சாதாரணக் களவைத் தடுக்க உயிரை எடுக்க முடியாது. பாதுகாப்புக்குத் தேவையானதைவிடக் கூடுதலான தீங்கு கூடாது என்கிறது பிரிவு 92.

கள்ளன் கத்தியை உருவிப் பாய்கிறான் என்று வைப்போம். இப்போது மரணம் அல்லது பெரும் காயம் பற்றிய நியாயமான அச்சம் உண்டு. மீனவர் துடுப்பால் அடித்து அவன் இறந்தாலும் பிரிவு 93இன்படி அது குற்றமே அல்ல.

கத்தி தண்ணீரில் விழுந்து, கள்ளன் கரைக்குப் பாய்ந்து ஓடுகிறான். மீனவர் துரத்திப் போய் முதுகில் வெட்டுகிறார். ஆபத்து முடிந்ததோடு உரிமையும் முடிந்துவிட்டது. இது தற்காப்பு இல்லை, பழிவாங்கல்.

சிக்கலான இடம் இவற்றுக்கு நடுவில் இருக்கிறது. வெறுங்கைக் கள்ளன் மீனவரைத் தள்ளிவிட்டு எஞ்சினைத் தூக்குகிறான். இருட்டில், பதற்றத்தில், மீனவர் துடுப்பை ஓங்கி அடிக்கிறார், கள்ளன் இறந்துபோகிறான். உரிமை இருந்தது, அளவு மீறிவிட்டது. பிரிவு 294இன் இரண்டாவது விதிவிலக்கு இவருக்காக எழுதப்பட்டது. நல்லெண்ணத்தோடு, முன்திட்டம் இல்லாமல், தேவைக்கு மேல் தீங்கு செய்யும் நோக்கம் இல்லாமல் எல்லை மீறியிருந்தால், அது கொலை அல்ல, கொலையாகாத ஆட்கொலை. கொலைக்குச் சட்டம் சொல்வது மரண தண்டனை. இதற்குக் கூடியது 20 ஆண்டு சிறை. ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் இந்த நடுப்படி இல்லை. ஜமைக்காவிலிருந்து போன பாமர் வழக்கில், தற்காப்பு வென்றால் முழு விடுதலை, தோற்றால் அது இருந்ததாகவே கொள்ளப்படாது என்று இலண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது.

நம் சட்டம் இந்த இடத்தில் இரக்கம் காட்டுகிறது. ஆனால் வேறோர் இடத்தில் அது கடுமையானது. படகில் நடந்ததை யார் நிரூபிப்பது?

இங்கிலாந்தில் 1935இன் வூல்மிங்டன் தீர்ப்புக்குப் பின், தற்காப்பு இல்லை என்று காட்டுவது அரச தரப்பின் வேலையாயிற்று. சந்தேகம் மிஞ்சினால் விடுதலை. ஆனால் இலங்கையின் சாட்சியக் கட்டளைச் சட்டம், பிரிவு 105, விதிவிலக்கைக் கோருபவரே அதைக் காட்ட வேண்டும் என்கிறது. 1942இல் ஜேம்ஸ் சந்திரசேகர வழக்கில் நமது குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம், வூல்மிங்டன் இந்த இடத்தில் செல்லாது என்றது.

அந்தக் கேள்வி ஜயசேன வழக்கில் பிரிவி கவுன்சில் வரை போனது. அப்போது அதுதான் நம் நாட்டின் இறுதி நீதிமன்றம். கொலைக் குற்றச்சாட்டு, தாக்கியதை ஜயசேன மறுக்கவில்லை, தற்காப்புக்காகச் செய்தேன் என்றார். 1969இல் டெவ்லின் பிரபு தீர்ப்பை வழங்கினார். இலங்கைச் சட்டத்தின் சொற்கள் தெளிவாக இருக்கும்போது ஆங்கில விதியை அதற்குள் நுழைக்க முடியாது என்று மேன்முறையீடு தள்ளுபடியானது. சந்தேகத்தைக் கிளப்பினால் மட்டும் போதாது. தான் சொல்வதே நடந்திருக்கக் கூடியது என்று, நிகழ்தகவின் அளவிலாவது, எதிரி காட்ட வேண்டும்.

இனி அந்தப் படகுக்குத் திரும்புவோம். இருந்தது இருவர், ஒருவர் உயிரோடு இல்லை. மீனவர் சொல்வதை எது தாங்கும்? அவர் உடம்பிலுள்ள கீறல், இறந்தவரின் காயம் முன்னாலா முதுகிலா, ஒரே அடியா பல அடியா, இரத்தம் படகிலா கரையிலா, உடனே பொலிசுக்குப் போனாரா. "அவன்தான் முதல்ல அடிச்சான்" என்ற வசனத்துக்கு நீதிமன்றத்தில் உயிர் வருவது இவற்றால்தான். படகைக் கழுவிவிட்டு, பயத்தில் இரண்டு நாள் ஒளிந்திருந்து வரும் ஒருவர், சட்டம் தனக்குத் தந்த உரிமைக்கான சாட்சியத்தைத் தானே அழித்துவிட்டு வருகிறார்.