தட்டையானது எது, ஏன்? பிளஸ் லென்சின் வடிவ வரலாற்றில் ஒரு மறுவாசிப்பு

ஆஸ்பெரிக் லென்சின் வரலாற்றைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே கோடாக வரைகின்றன. முதல் உலகப்போருக்கு முன் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் குல்ஸ்ட்ராண்டும் மோரிட்ஸ் ஃபான் ரோரும் உருவாக்கிய ‘காட்ரல்’ லென்ஸ் தொடக்கம். 1980-ஐ ஒட்டி பிரிட்டனின் மோ ஜாலி காப்புரிமை பெற்ற அதிபரவளைவு லென்ஸ் அதன் முதிர்ச்சி. இன்று ஆப்டிகல் கடைகளில் கிடைப்பது அதன் தொடர்ச்சி. பிதுங்கித் தெரியும் கண்ணாடியைத் தட்டையாக்கும் முயற்சியே இதன் உந்துவிசை என்பது அந்த வாசிப்பின் சாரம். வரிசை சரிதான். காரணம் சொன்ன விதத்தோடுதான் எனக்கு உடன்பாடில்லை. காட்ரலும் ஜாலியின் லென்சும் கோளம் அல்லாத பரப்பைக் கொண்டவை என்பதைத் தவிர, தீர்க்க வந்த சிக்கலில் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட எதிரானவை.

காட்ரலின் சிக்கல் ‘செர்னிங் நீள்வட்ட’த்தில் இருக்கிறது. லென்சின் ஓரம் வழியாகச் சாய்வாகப் பார்க்கும்போது எழும் ஆஸ்டிக்மேட்டிசத்தை நீக்க, ஒவ்வொரு பவருக்கும் எந்த வளைவு வேண்டும் என்பதைக் காட்டும் வரைபடம் அது. சாதாரணக் கண்ணாடியில் அந்த நீள்வட்டம் பிளஸ் பக்கத்தில் ஏறத்தாழ +7 டயாப்டரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் எந்தக் கோள வளைவைத் தேர்ந்தாலும் அந்தப் பிழை முழுதும் நீங்காது. புரை எடுத்து, கண்ணுக்குள் லென்ஸ் வைக்கப்படாதவருக்கோ +10-ஐ ஒட்டிய பவர் தேவை. ஆகவே கோளத்தைக் கைவிடுவதைத் தவிர ஃபான் ரோருக்கு வேறு வழியிருக்கவில்லை. அவர் நாடியது ஓரப் பார்வையின் தெளிவை. முகத்தோற்றம் அங்கே முதல் கேள்வியாக இருந்திருக்க முடியாது என்றே வாதிடுவேன்.

இதற்கு என்னிடமுள்ள சான்று ஒரே ஒரு மூக்குக் கண்ணாடி. திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் கோயில் குளத்துக்கு அருகிலுள்ள ஒரு வீட்டில், புரை அறுவை செய்துகொண்ட பாட்டி ஒருவர் அணிந்தது. பிளாஸ்டிக் லென்ஸ் என்பதால் இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தியது. இந்தியாவில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் 1990-களில் பரவலாகும்வரை புரை அறுவை என்றாலே இத்தகைய கண்ணாடிதான். மதுரை அரவிந்த் மருத்துவமனையின் அவ்ரோலேப் அந்த உள்லென்ஸ்களை 1992-இல் தயாரிக்கத் தொடங்கியது. ஆகவே இது 1990-களுக்கு முந்தியது என்று கொள்ளலாம். இதைவிட நெருக்கமாகக் காலத்தைக் கணிக்கச் சட்டத்தில் முத்திரை ஏதும் இல்லை.

லென்ஸ் கிளாக்கின் மூன்று ஊசிகளை முன்பரப்பின் நடுவில் வைத்தால் முள் +14-ஐ ஒட்டி நிற்கிறது. அதே கருவியை மெல்ல ஓரத்தை நோக்கி நகர்த்தினால் முள் இறங்கிக்கொண்டே போய் +11-க்கு அருகில் நிற்கிறது. கோளப் பரப்பில் எங்கே வைத்தாலும் ஒரே எண்தான் வரும். ஆகவே ஆஸ்பெரிக் என்பதில் ஐயமில்லை. 1970-களில் அமெரிக்காவில் பேசப்பட்ட ‘வெல்ஷ் ஃபோர் டிராப்’ லென்சிலும் வளைவு நடுவிலிருந்து ஓரத்துக்குள் நான்கு டயாப்டர் இறங்கியது. இது அந்த வகையின் உறவு என்று ஊகிக்கலாம், நிறுவ முடியாது. ஆனால் நமக்கு வேண்டியது வேறு: இந்த லென்ஸ் ஆஸ்பெரிக், ஆனாலும் பிதுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஓர வளைவு இறங்கியதால் தடிமன் ஓரளவு குறைந்தது உண்மை. பாடநூல் வாசிப்புக்கு அந்த அளவுக்கு இடம் கொடுக்கிறேன். என்றாலும் ஆஸ்பெரிக் என்பதே தட்டையைத் தந்துவிடும் என்றால், நடுவில் +14 வளைவு ஏன் அப்படியே விடப்பட்டது?

விடை பேஸ் கர்வில் இருக்கிறது. பேஸ் கர்வ் என்பது முன்பரப்பின் வளைவு. பின்பரப்பின் வளைவை அதற்கேற்ப மாற்றினால் ஒரே பவரைப் பல வடிவங்களில் பெறலாம். +6 பவரை எடுத்துக்கொள்வோம். ஒளிவிலகல் எண் 1.5, விட்டம் 60 மி.மீ., ஓரத் தடிமன் 1 மி.மீ. என்று வைப்போம். தடிமனால் பவரில் வரும் சிறு மாற்றத்தை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஓரப் பார்வை கெடாதபடி கோள வடிவில் செய்தால் முன்வளைவு +10.50, பின்வளைவு −4.50 என்ற அளவில் வரும். ஓரத்திலிருந்து முன்பரப்பு 10.6 மி.மீ. உயர்ந்து நிற்கும், நடுத்தடிமன் 7.5 மி.மீ. இனி முன்வளைவை +7 ஆகவும் பின்வளைவை −1 ஆகவும் தட்டையாக்குவோம், ஆனால் இன்னும் கோளமாகவே வைத்திருப்போம். முன்னுயரம் 6.6 மி.மீ. ஆகிவிடுகிறது, தடிமன் 6.7. பிதுக்கத்தில் 4 மி.மீ. குறைந்தது முழுக்க முழுக்க பேஸ் கர்வின் வேலை. ஆஸ்பெரிக் பரப்பு இன்னும் உள்ளேயே வரவில்லை.

ஆனால் இந்தத் தட்டை லென்சை அணிந்தவர் நேராகப் பார்த்தால் தெளிவு; கண்ணை ஓரத்துக்குத் திருப்பினால் மங்கல், ஏனெனில் அது செர்னிங் நீள்வட்டத்தை விட்டு விலகிவிட்டது. ஜாலி நுழைவது இங்கேதான். முன்பரப்பைக் கோளமாக வைக்காமல் ஓரத்தை நோக்கி வளைவு தளர்ந்துபோகும் அதிபரவளைவாக அமைத்தால், தட்டையாக்கியதால் வந்த ஓரப் பிழையை அதுவே ஈடுசெய்கிறது. கூடவே முன்னுயரம் 5.9 மி.மீ. வரைக்கும், தடிமன் 6 மி.மீ. அளவுக்கும் இறங்கலாம். அதாவது தட்டையாக்குவது பேஸ் கர்வ். தட்டையாக்கியதற்கு விலை கொடுக்காமல் காப்பது ஆஸ்பெரிக் பரப்பு. மெலிவின் ஒரு பகுதி அதன் உபரி லாபம்.

லென்சுக்குப் பின்னால் கண் பெரிதாகத் தெரிவதும் ஓரளவு குறைவது இதனால்தான். உருப்பெருக்கத்தில் வடிவத்துக்கான பங்கு முன்வளைவையும் தடிமனையும் பொறுத்தது. மேற்கண்ட கோள லென்சில் அது 5.5 விழுக்காட்டுக்கு அருகில், தட்டை ஆஸ்பெரிக்கில் 3 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே. பவரால் வரும் பங்கு, லென்ஸ் கண்ணிலிருந்து 12 மி.மீ. தள்ளியிருந்தால், சுமார் 8 விழுக்காடு. அதை எந்த வடிவமும் மாற்றாது. லென்சைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்தால்தான் குறையும்.

அப்படியானால் காட்ரலிலிருந்து ஜாலிவரை தொடர்ச்சியே இல்லையா? கோளமல்லாத பரப்பைக் கணக்கிட்டு உருவாக்கும் நுட்பத்தில் தொடர்ச்சி உண்டு. நோக்கத்தில் இல்லை. முன்னதில் கோளத்தால் தீர்க்க முடியாத பவர். பின்னதில் கோளத்தால் தீர்க்க முடிந்த பவர், ஆனால் சம்மதிக்க முடியாத வடிவம். இடையிலிருந்த புரைக்கண்ணாடிகள் எந்தப் பக்கம் சாய்ந்தன என்பதை ஒரே மாதிரியை வைத்து முடிவுகட்ட முடியாது. ஸ்ரீவராகத்து லென்ஸ் முதல் பக்கத்தைச் சுட்டுகிறது என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கடையில் ‘ஆஸ்பெரிக்’ என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்குபவருக்கும் இந்த வேறுபாடு பயன்படும். பேஸ் கர்வ் எவ்வளவு என்று கேளுங்கள். லென்சின் மையம் ஒவ்வொரு கண்ணின் பாவைக்கும் தனித்தனியே அளந்து பொருத்தப்பட்டதா என்றும் கேளுங்கள், ஏனெனில் மையம் விலகினால் ஆஸ்பெரிக் லென்சின் ஈடு கெட்டுவிடும். சட்டத்தைச் சிறியதாகத் தேர்ந்தெடுங்கள். அதே +6 கோள லென்சில் விட்டத்தை 60-லிருந்து 50 மி.மீ. ஆக்கினால் நடுத்தடிமன் 7.5-லிருந்து ஏறக்குறைய 5.2 மி.மீ. ஆகிவிடும், அது மேற்கண்ட ஆஸ்பெரிக் வடிவம் தரும் மெலிவையும் மிஞ்சும்.