இருவர் கூடி ஒப்புப் படித்தல்

மூல ஆவணத்தை ஒருவர் உரக்கப் படிக்க, அதிலிருந்து எடுத்த நகலையோ அச்சுப்படியையோ மற்றவர் கண்ணால் தொடர்ந்து சரிபார்க்கும் முறை இது. படிப்பவர் சொற்களோடு நிறுத்தற்குறிகள், எண்கள், பத்தி முறிவுகள் ஆகியவற்றையும் வாய்விட்டுச் சொல்வார். ஓர் எழுத்து பிசகினாலும் சொத்தோ உரிமையோ கைமாறிவிடக்கூடிய சட்ட வரைவுகள், அரசிதழ் அறிவிக்கைகள், பத்திரங்கள், தீர்ப்பு நகல்கள் போன்றவற்றுக்கு இம்முறை பயன்படுகிறது.

அச்சகங்களில் மூலத்தைப் படிப்பவருக்குக் காப்பி ஹோல்டர் என்று பெயர். இந்திய அரசு அச்சகங்களில் இது தனிப் பணியிடமாகவே இருந்தது. தமிழ்நாட்டு நீதிமன்றங்களின் நகல் பிரிவில் ரீடர், எக்ஸாமினர் என்ற இரு பணியிடங்கள் இன்றும் உள்ளன.

தனியாக ஒருவர் ஒப்பு நோக்கினால் என்ன குறை என்ற கேள்வி எழும். அவருடைய கண் மூலத்துக்கும் நகலுக்கும் இடையே ஓயாமல் தாவ வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தாவலிலும் நான்கைந்து சொற்களை நினைவில் சுமந்து செல்கிறார். திரும்பி வரும்போது விட்ட இடத்தைத் தேடுகிறார். பொருள் தெரிந்த வாக்கியமாக இருந்தால், நகலில் இல்லாத சொல்லையும் மனம் தானே இட்டு நிரப்பிவிடும். இருவர் அமரும்போது இருவரின் கண்களும் தத்தம் தாளை விட்டு அகலுவதில்லை. மூலத்தில் உள்ளது காது வழியே வருகிறது, நகலில் உள்ளது கண் வழியே வருகிறது. இரண்டும் மோதும் இடம் உடனே தெரிகிறது.

கிரயப் பத்திரம் ஒன்றின் சொத்து விவரத்தை எடுத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக அமைத்த எடுத்துக்காட்டு இது. ஆனால் இந்த வகைப் பிழைதான் நகல்களில் அடிக்கடி நேர்கிறது. மூலத்தில் இப்படி இருக்கிறது: "சர்வே எண் 112/3பி, 0.40.5 ஹெக்டேர். வண்டிப்பாதைக்குத் தெற்கு, வாய்க்காலுக்கு வடக்கு, 112/4 எண் நிலத்துக்கு மேற்கு, 112/2 எண் நிலத்துக்குக் கிழக்கு, இதற்குள் பட்டது." தட்டச்சு செய்தவரின் கண் முதல் "நிலத்துக்கு" என்ற சொல்லில் இருந்து இரண்டாவது "நிலத்துக்கு" என்ற சொல்லுக்குத் தாவிவிட்டது. நகலில் "112/4 எண் நிலத்துக்குக் கிழக்கு, இதற்குள் பட்டது" என்று விழுந்தது. வாக்கியம் ஒழுங்காக முடிகிறது, எழுத்துப் பிழை ஏதுமில்லை. ஆனால் நான்கெல்லையில் ஒன்று காணாமல் போய், நிலமே பக்கத்துக்காரருடைய மனைக்கு மறுபுறம் இடம் மாறிவிட்டது. மௌனமாகப் படிக்கிறவர் இதைத் தாண்டிப் போக நிறைய வாய்ப்பு உண்டு. உரக்கப் படிக்கும்போது படிப்பவர் "மேற்கு, கமா" என்கிறார். பார்ப்பவர் முன்னே "கிழக்கு" இருக்கிறது. அங்கேயே நிறுத்திவிடுவார்.

பரப்பளவுக்கும் இதே கவனம் வேண்டும். 0.40.5 ஹெக்டேர் என்றால் நாற்பதரை ஏர், ஏறக்குறைய ஓர் ஏக்கர். அது 0.04.5 என்று மாறினால் நாலரை ஏர், அதாவது சுமார் 11 சென்ட்தான். இரண்டுமே நம்பக்கூடிய அளவுகள் என்பதால் பார்வைக்கு எதுவும் உறுத்தாது. ஆகவே எண்களை இலக்கம் இலக்கமாகவே சொல்ல வேண்டும்: "ஒன்று, ஒன்று, இரண்டு, சாய்கோடு, மூன்று, பி, கமா, சைபர், புள்ளி, நான்கு, சைபர், புள்ளி, ஐந்து." நூற்றுப் பன்னிரண்டு என்று கூட்டிச் சொல்வது தவறு. விரைந்து சொல்லும்போது தொண்ணூறும் தொள்ளாயிரமும் காதில் குழம்பும். இலக்கங்கள் குழம்புவது அரிது.

நிறுத்தற்குறிகளுக்கு ஒவ்வொரு அலுவலகமும் தனக்கென்று குறுஞ்சொற்களை வைத்துக்கொள்கிறது. ஆங்கில அச்சகங்களில் கமாவை "காம்" என்றும் அபாஸ்ட்ரபியை "பாஸ்" என்றும் சுருக்குவார்கள். எந்தச் சொல் என்பது முக்கியமில்லை. தொடங்குமுன் இருவரும் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். திறப்புக்கும் மூடலுக்கும் தனித்தனிச் சொல் கட்டாயம் தேவை. அடைப்புக்குறி திறந்ததைச் சொல்லி மூடியதைச் சொல்லாமல் விட்டால், ஒரு நிபந்தனை எதுவரை செல்லும் என்பதே ஐயமாகிவிடும். ஒரு கமா எவ்வளவு செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் 1872ஆம் ஆண்டுச் சுங்கவரிச் சட்டம் சான்று. வரிவிலக்குப் பட்டியலில் பழச்செடிகள் என்று இருக்க வேண்டிய இடத்தில் நடுவே ஒரு கமா விழுந்து, பழங்கள், செடிகள் என்று இரண்டாகிவிட்டது. இறக்குமதியாளர்கள் பழங்களுக்கும் விலக்குக் கேட்டுப் பெற்றார்கள். 1874இல் திருத்தப்படும் முன் அரசு இழந்த வரி சுமார் 20 லட்சம் டாலர் என்று கணக்கிடப்பட்டது.

தமிழில் இம்முறைக்குக் கூடுதலாக ஒரு சுமை உண்டு. பலருடைய பேச்சில் ன, ண வேறுபாடும், ர, ற வேறுபாடும், ல, ள, ழ வேறுபாடும் தெளிவாக ஒலிப்பதில்லை. காதை மட்டும் நம்பினால் "கரை", "கறை" இரண்டும் ஒன்றாகிவிடும். ஆகவே ஐயத்துக்கு இடமுள்ள சொற்களில் "ரெண்டு சுழி ன", "மூணு சுழி ண", "சின்ன ர", "பெரிய ற" என்று எழுத்தைப் பெயர் சொல்லிச் சுட்டுவது வழக்கம். ஒற்று மிகும் இடங்களையும், சொற்கள் பிரிந்தா சேர்ந்தா என்பதையும் அப்படியே சொல்ல வேண்டும். நல்ல உச்சரிப்புள்ளவரே படிப்பவராக வாய்த்தாலும் இந்தச் சுட்டலைக் கைவிடக்கூடாது என்பேன். கேட்பவரின் காதும் அதே அளவு பழகியிருக்கும் என்று உறுதியில்லை.

மூலத்தைப் படிப்பவர் குரலில் ஏற்ற இறக்கம் சேர்க்காமல், ஒரே சீராகப் படிக்க வேண்டும். உணர்ச்சியோடு படித்தால் கேட்பவர் பொருளைப் பின்தொடரத் தொடங்கிவிடுவார், எழுத்தைப் பார்க்கமாட்டார். நகலைப் பார்ப்பவர் அளவுகோலை வரிக்குக் கீழே வைத்து, பென்சில் முனையைச் சொல் சொல்லாக நகர்த்துகிறார். வேகத்தைத் தீர்மானிக்கும் உரிமை அவருடையது. அவர் நிறுத்திக் குறித்த பிறகு, நின்ற சொல்லிலிருந்து தொடராமல் அந்த வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்தே மீண்டும் படிக்க வேண்டும். திருத்தம் முடிந்து வரும் படியில் திருத்திய இடத்தை மட்டும் பார்த்தால் போதாது. அந்த வரி முழுவதையும், அதற்கு மேலும் கீழும் உள்ள வரிகளையும் படிக்க வேண்டும். லைனோடைப் காலத்தில் ஒரு கமாவைத் திருத்தவும் முழு வரியையும் புதிதாக வார்த்ததால், பழைய பிழை போன வரியிலேயே புதுப் பிழை வந்து உட்காருவதுண்டு.

களைப்பே இம்முறையின் பெரிய எதிரி. படிப்பு ஒப்பித்தல் போல ஓடத் தொடங்குவது, பல பக்கங்களுக்குப் பார்ப்பவர் ஒருமுறையும் நிறுத்தாமல் இருப்பது, நிறுத்தற்குறிகளின் பெயர்கள் இடையிடையே விடுபடுவது ஆகியவை அதன் அறிகுறிகள். அப்போது இருவரும் இடம் மாறிக்கொள்வதோ எழுந்து சற்று ஓய்வதோதான் வழி. களைத்த பிறகு படித்த பக்கங்களைப் படிக்காதவையாகவே கருத வேண்டும்.

மூலத்திலேயே உள்ள பிழையை இம்முறை கண்டுபிடிக்காது. மூலத்தில் சர்வே எண் தவறாக இருந்தால், அந்தத் தவறு நகலிலும் துல்லியமாக வந்திருக்கிறது என்றே காட்டும். அதற்குப் பட்டாவோடும் புலப்படத்தோடும் ஒத்துப் பார்ப்பது வேறு வேலை. எழுத்துருவின் அளவு, ஓரம், அட்டவணையின் அமைப்பு போன்றவையும் காதுக்கு எட்டாதவை. அவற்றைப் பார்ப்பவர் பின்னர் தனியே நோக்க வேண்டும்.

இரண்டு படிகளும் கணினிக் கோப்புகளாக இருந்தால், வேறுபாடு காட்டும் மென்பொருள் இந்த வேலையை விரைவாகவும் களைப்பின்றியும் செய்துவிடும். அங்கே இருவரை உட்கார வைப்பது வீண். கையெழுத்துப் பத்திரம், மங்கிய பழைய பதிவேடு, திருத்தங்கள் நெருக்கி எழுதப்பட்ட வரைவு ஆகியவற்றிலிருந்து நகல் எடுக்கும்போதுதான் இருவர் தேவைப்படுகிறார்கள். மூலத்தில் தெளிவாகத் தெரியாத சொல் வந்தால் படிப்பவர் ஊகித்துச் சொல்லாமல் "தெளிவில்லை" என்றே சொல்லி, இருவரும் சேர்ந்து மூலத்தைப் பார்க்க வேண்டும்.