வண்டு போல ரீங்காரம்: மூக்குக்குள்ள இருக்கிற ஒரு வாயுவின் கதை

1/ அதியமான்கோட்டையில இருந்து ஒரு அம்மா வந்திருந்தாங்க. வயசு 42. பல வருஷமா ஆஸ்துமா. உட்கார்ந்ததும், "சார், பம்ப்பை நிறுத்தி மூணு வாரம் ஆச்சுங்க. இப்போ வெறும் ரீங்காரம்தான் பண்றேன். மூக்குல நைட்ரிக் ஆக்சைடு வந்து மூச்சுக்குழாயை விரிச்சிடும்னு வீடியோல சொன்னாங்க"ன்னாங்க. இதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு தடவை மூச்சு வாங்கிச்சு.

அந்த வீடியோ சொன்னதுல பாதி உண்மை. அதனாலதான் ஆபத்தே. எந்தப் பாதி உண்மைன்னு தெரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும். நீண்ட இழை, பொறுமையா வாங்க.

2/ வாயை மூடிக்கிட்டு "ம்ம்ம்ம்"னு மூக்கு வழியா மூச்சை மெதுவா விடுறதுக்குப் பேரு பிராமரி. பிரமரம்னா வண்டு. ஏறக்குறைய 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோக பிரதீபிகையில, எட்டு கும்பகங்கள்ல ஒண்ணா இது வருது. உள்ளே இழுக்கும்போது ஆண் வண்டு மாதிரி, வெளியே விடும்போது பெண் வண்டு மாதிரி ஓசை வரணும்னு சுவாத்மாராமர் சொல்றார். பலன்னு அவர் சொல்றது மனசுல உண்டாகுற ஆனந்தம்.

அதுக்குப் பின்னாடி வந்த கேரண்ட சம்ஹிதையில முறையே வேற. நள்ளிரவு தாண்டி, உயிரினங்களோட சத்தம் எதுவும் கேட்காத இடத்துல, காதைப் பொத்திக்கிட்டு உள்ளே கேட்கிற ஒலியைக் கவனிக்கணும். அதாவது அந்தக் காலத்துல இது காதுக்கும் மனசுக்குமான பயிற்சி. மூக்கு, சைனஸ், ஆஸ்துமா எதுவும் அங்கே கிடையாது. "நம்ம முன்னோருக்கு நைட்ரிக் ஆக்சைடு அப்பவே தெரியும்"னு சொல்றவங்க அந்த நூல்களைப் பார்த்திருக்க மாட்டாங்க.

3/ இப்போ அந்த வாயுவோட கதை. 1980-ல ராபர்ட் ஃபர்ச்காட் ஒரு விஷயத்தைக் காட்டினார். ரத்தக்குழாயோட உள்பூச்சு செல்கள் ஏதோ ஒரு பொருளைச் சுரக்குது, அதனால குழாய் தளர்ந்து விரியுது. அது என்ன பொருள்னு ஏழு வருஷம் யாருக்கும் பிடிபடல. 1987-ல விடை வந்தப்போ பலருக்கு நம்ப முடியல. வண்டிப் புகையில இருக்கிற நைட்ரிக் ஆக்சைடு! 1998-ல ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூணு பேருக்கும் நோபல் பரிசு.

4/ இடையில, 1991-ல, சுவீடனில் கரோலின்ஸ்காவைச் சேர்ந்தவங்க மனுஷன் வெளிவிடுற மூச்சுலயே இந்த வாயு இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. நுரையீரல்ல இருந்துதான் வருதுன்னுதான் முதல்ல எல்லாரும் நினைப்போம், இல்லையா? ஆனா தொண்டையில துளை போட்டு அது வழியா மூச்சு விடுறவங்ககிட்ட அளந்தா, அளவு ரொம்பக் கம்மியா இருந்துச்சு. மூக்கு வழியா விடுறவங்களுக்கு அதிகம். அப்போ உற்பத்தி ஆகுற இடம் மேலே எங்கேயோ இருக்கு.

1995-ல ஜான் லுண்ட்பெர்க் குழு கன்னத்து எலும்புக்குள்ள இருக்கிற சைனஸ்ல இருந்து நேரடியா காத்தை எடுத்து அளந்தாங்க. ஏறக்குறைய 9 பிபிஎம். அதாவது பத்து லட்சம் பங்கு காத்துல ஒன்பது பங்கு. ஒரு வாயுவை உடம்பு இவ்வளவு அடர்த்தியா ஒரு பொந்துக்குள்ள சேர்த்து வைக்குதுங்கறது அன்னைக்குப் பெரிய ஆச்சரியம்.

5/ சைனஸ்னா வியாதி பேர்னு நம்ம ஊர்ல நினைக்கிறாங்க. இல்லைங்க. அது முகத்து எலும்புக்குள்ள இருக்கிற காத்து அறை. சில மில்லிமீட்டர் அகலமுள்ள சின்ன வாசல் வழியா மூக்கோட சேரும். சாதாரணமா மூச்சு விடும்போது அந்த வாசலைக் கடந்து காத்து போகுமே தவிர, அறைக்குள்ள இருக்கிறது பெரும்பாலும் அப்படியே தங்கிடும்.

காலி பாட்டில் வாயில உதட்டை வச்சு ஊதிப் பாருங்க. 'பூம்'னு சத்தம் வரும்போது பாட்டில் கழுத்துல இருக்கிற காத்து வேகமா உள்ளேயும் வெளியேயும் ஆடும். ரீங்காரத்துலயும் இதேதான் நடக்குது. குரல்நாண் அதிர்வால மூக்குக்குள்ள காத்து ஆடுது. அந்த ஆட்டம் சைனஸ் வாசல்ல இருக்கிற காத்தையும் ஆட்டி, உள்ளே தேங்கி நிக்கிறதை வெளியே கொண்டுவருது.

6/ 2002-ல வைட்ஸ்பெர்க், லுண்ட்பெர்க் ரெண்டு பேரும் இதை அளந்தாங்க. நல்ல ஆரோக்கியமான பத்து ஆண்கள். அமைதியா மூக்கு வழியா மூச்சு விடச் சொன்னாங்க, அப்புறம் ரீங்காரத்தோட விடச் சொன்னாங்க. ரீங்காரத்துல வெளிவந்த நைட்ரிக் ஆக்சைடு 15 மடங்கு. அந்த வீடியோவுல சொன்ன '15 மடங்கு' இங்கேருந்து வந்ததுதான். அது உண்மை, அதுல எந்தக் குறையும் இல்லை.

ஆனா அந்த அம்மாகிட்ட நான் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "அம்மா, ரீங்காரம் பண்ணும்போது மூச்சு உள்ளே போகுதா, வெளியே வருதா?" ஒரு நிமிஷம் யோசிச்சாங்க. "வெளியேதாங்க."

7/ அதேதான். வாயு கூடுறது வெளியே விடுற மூச்சுல. அதுல பெரும்பகுதி ரூம் காத்தோட கலந்து போயிடும். மூக்குக்குள்ள மிச்சம் இருக்கிறதுதான் அடுத்த மூச்சோட நுரையீரலுக்குப் போகும்.

சரி, தாராளமாவே ஒரு கணக்கு போடுவோம். ஒண்ணுகூட வீணாகாம எல்லாமே உள்ளே போறதா வச்சுக்குவோம். ரெண்டு கன்னத்து சைனஸும் சேர்த்து சுமார் 30 மில்லி. அதுல 9 பிபிஎம். சாதாரண மூச்சு ஒண்ணு 500 மில்லி. 30 மில்லியில இருக்கிறது 500 மில்லியில கலந்தா, அடர்த்தி ஏறக்குறைய 0.5 பிபிஎம்-ஆ இறங்கிடும். மத்த சைனஸ்களையும் சேர்த்து இரட்டிப்பா வச்சுக்கிட்டாலும் 1 பிபிஎம்.

8/ மூச்சுக்குழாய் விரியறதுக்கு எவ்வளவு வேணும்? 1993-லயே இதைப் பார்த்துட்டாங்க. சிலிண்டர்ல இருந்து 80 பிபிஎம் நைட்ரிக் ஆக்சைடைச் சுவாசிக்க வச்சாங்க. ஆஸ்துமா உள்ளவங்களுக்குக் கொஞ்சம் விரிஞ்சுது. புகைபிடிச்சு நுரையீரல் கெட்டுப்போன சிஓபிடி நோயாளிகளுக்கு விரியவே இல்லை. 80 பிபிஎம் தொடர்ந்து கொடுத்தே இவ்வளவுதான்னா, தாராளக் கணக்குல வர்ற 1 பிபிஎம் என்ன பண்ணும்?

இன்னொண்ணு இருக்கு. அடுத்தடுத்து ரீங்காரம் பண்ணினா ஒவ்வொரு தடவையும் வெளிவர்ற அளவு குறைஞ்சுக்கிட்டே போகும். அறை காலியாகுதுல்ல. திரும்ப நிறைய சில நிமிஷம் ஆகும். அதனால 'நூறு தடவை பண்ணினா நூறு மடங்கு'ங்கற கணக்கும் செல்லாது.

9/ அப்போ இந்த வாயு நுரையீரலுக்கு ஒண்ணுமே செய்யலையா? செய்யுது, ஆனா வேற இடத்துல. 1996-ல லுண்ட்பெர்க் குழு, வாயால மூச்சு விடுறதை விட மூக்கால விட்டா ரத்தத்துல ஆக்சிஜன் சுமார் 10 சதவீதம் கூடுறதைத் தோல் வழியா அளந்து காட்டினாங்க. காரணம், காத்து எந்த நுரையீரல் அறைக்குப் போகுதோ அங்கே இந்த வாயுவும் போகுது, அங்கே இருக்கிற சின்ன ரத்தக்குழாயை விரிக்குது. காத்து இருக்கிற இடத்துக்கு ரத்தமும் வருது.

கவனிங்க, விரியறது ரத்தக்குழாய். ஆஸ்துமாவுல இறுகிக்கிடக்கிறது மூச்சுக்குழாய். இந்த ரெண்டையும் ஒண்ணாக் குழப்பினதுதான் அந்த வீடியோ பண்ணின தப்பு. மூக்கடைப்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அடைச்ச மூக்குல ரத்தக்குழாய்கள் ஏற்கெனவே உப்பித்தான் இருக்கும். ரத்தக்குழாயை விரிக்கிற வாயு அடைப்பைத் திறக்கும்னு எதிர்பார்க்க உடலியல்ல காரணம் இல்லை.

10/ "என் சைனஸ் தொல்லை ரீங்காரத்துல போயிடுச்சு"ன்னு 2006-ல ஒரு அறிக்கை வந்துச்சு. தினமும் பண்ணி நாலு நாள்ல சரியாச்சாம். ஆனா அதுல இருந்தது ஒரே ஒரு ஆள். ஜலதோஷம் தானா போற நாளையும் அதுல கழிச்சுப் பார்க்கணும்.

இதுல நிஜமா மருத்துவத்துக்கு உதவுறது இதுக்கு நேர் எதிரான விஷயம். சைனஸ் வாசல் முழுசா அடைச்சிருந்தா, ரீங்காரம் பண்ணினாலும் வாயு கூடாது. மூக்குல சதை வளர்ந்தவங்ககிட்ட 2003-ல இதைப் பார்த்தாங்க. அதாவது ரீங்காரத்தை நோய் கண்டுபிடிக்கிற சோதனையா வச்சுக்கலாம். மருந்தா வச்சுக்க முடியாது.

11/ யோகாவையே தள்ளிவைக்கச் சொல்றேனா? இல்லை. 1985-ல பெங்களூரு நாகரத்னா, நாகேந்திரா ரெண்டு பேரும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு ஆய்வு எழுதினாங்க. 53 ஆஸ்துமா நோயாளிகள், தினமும் 65 நிமிஷம் ஆசனம், பிராணாயாமம், தியானம். யோகா பண்ணாம வழக்கமான மருந்து மட்டும் எடுத்த இன்னொரு 53 பேரோட ஒப்பிட்டா, இவங்களுக்கு இழுப்பு வர்றதும் மருந்துத் தேவையும் குறைஞ்சுது, ஊதுற வேகமும் கூடிச்சு. மூச்சு நிதானமாகுறது, வெளிமூச்சு நீளுறது, பதட்டம் குறையறது இதெல்லாம் காரணமா இருக்கலாம். ஆனா யார் யோகா பண்றாங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்ச ஆய்வு அது. ரீங்காரத்தை மட்டும் தனியாப் பிரிச்சும் பார்க்கல.

12/ அந்த அம்மாவுக்கு வருவோம். பேசினா நம்ப மாட்டாங்க, அளந்து காட்டினா நம்புவாங்க. பீக் ஃப்ளோ மீட்டரைக் கையில கொடுத்தேன். நல்லா இருந்த நாள்ல அவங்க ஊதினது 340. அன்னைக்கு ஊதினது 210. பேசுற நிலையில இருந்தாங்க, ஆக்சிஜன் அளவும் சரியா இருந்துச்சு. அதனால அஞ்சு நிமிஷம் உங்க ரீங்காரத்தையே பண்ணுங்கன்னேன். நல்லாவே பண்ணினாங்க. திரும்ப ஊதினாங்க: 210. அப்புறம் ஸ்பேசர் மாட்டி சால்பியூட்டமால் நாலு பஃப். இருபது நிமிஷம் கழிச்சு 300.

அந்த அட்டையை அவங்களே ரெண்டு தடவை பார்த்தாங்க. "மனசுக்கு நல்லாத்தாங்க சார் இருக்கு அது"ன்னாங்க.

"நல்லா இருந்தா பண்ணுங்கம்மா. பம்ப்பை எடுத்துட்டுப் பண்ணுங்க."

13/ இழுப்பு உள்ளவங்க வீட்டுல இருந்தா இதை மட்டும் மனசுல வச்சுக்குங்க. தினசரி பம்ப்ல இருக்கிற ஸ்டீராய்டு மூச்சுக்குழாயோட வீக்கத்தைக் குறைக்குது. அதை நிறுத்தின முதல் சில நாள் ஒண்ணும் தெரியாது. அந்த நாள்கள்ல எதைப் பண்ணினாலும் 'இதுதான் குணமாக்குது'ன்னு தோணும். வீக்கம் மெதுவாத்தான் திரும்ப வரும், இந்த அம்மாவுக்கு வந்தது மூணாவது வாரம். ராத்திரி இருமி எழுந்திருக்கிறது, ஒரு வரி முழுசாப் பேச முடியாம மூச்சு வாங்குறது, பீக் ஃப்ளோ நம்ம நல்ல அளவுல பாதிக்கு வர்றது. இதுல எது வந்தாலும் ரீங்காரத்துக்கு உட்காராதீங்க. பம்ப்பை எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.