நான்காவது மாதவிலக்கு

1924-ஆம் ஆண்டு. ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் எரிக் வான் வில்பிராண்ட் என்ற மருத்துவரிடம் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை அழைத்து வந்தார்கள். பெயர் யோர்டிஸ். ஓலண்ட் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்தவள். மூன்று வயதில் மேலுதட்டில் பட்ட காயத்திலிருந்து இரத்தம் மூன்று நாள் நிற்காமல் வடிந்து, உயிர் பிழைத்ததே பெரிய பாடாகியிருந்தது. அவளுடைய சகோதரிகள் நால்வர் இரத்தம் போயே இறந்திருந்தார்கள். ஹீமோபீலியா என்றால் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளை அல்லவா பிடிக்கும்? மருத்துவர் குழம்பினார்.

குடும்பத்தில் 66 பேரை விசாரித்தார். 23 பேருக்கு இரத்தப்போக்கு இருந்தது; அதிகம் பெண்கள். தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்தது. சோதனைக் குழாயில் இரத்தம் உரிய நேரத்தில் உறைந்தது. ஆனால் தோலில் சின்னதாகக் குத்தினால் மட்டும் கசிவு நிற்கவே இல்லை. 1926-இல் இதைத் தனி நோயாக எழுதியவர், கோளாறு தட்டணுக்களிலும் இரத்தக்குழாய்ச் சுவரிலும் இருப்பதாக ஊகித்தார். ஊகம் தவறு. அது திருந்தும் வரை யோர்டிஸுக்கு ஆயுள் இல்லை.

பதின்மூன்று வயதில், நான்காவது மாதவிலக்கில், இரத்தம் நிற்காமலே அவள் இறந்தாள்.

1950-களில் ஸ்வீடனில் ஆய்வாளர்களான இங்கா மரி நில்சனும் பிளோம்பாக் தம்பதியும், ஹீமோபீலியாவுக்காகப் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த மருந்தை இந்த நோயுள்ள பெண்ணுக்குச் செலுத்தினார்கள். கசிவு நின்றது. ஹீமோபீலியா நோயாளியின் பிளாஸ்மாவிலிருந்து எடுத்ததும் அதே வேலையைச் செய்தது! அப்படியானால் குறைந்திருந்தது ஹீமோபீலியாக்காரருக்கு இல்லாத பொருள் அல்ல. பிளாஸ்மாவிலேயே இருந்த வேறொன்று. அது எது?

1971-இல் அமெரிக்காவில் அந்தப் புரதம் பிடிபட்டது. கிழிந்த குழாய்ச் சுவரில் தட்டணுக்களை ஒட்டவைக்கும் பசை அது. பிடிபட்டதும் அளக்க முடிந்தது.

பரிசோதனைச் சீட்டில் இன்று ‘வான் வில்பிராண்ட் ஃபேக்டர்’ என்று எழுதப்படும் சோதனை பிறந்த கதை இதுதான். வயதுக்கு வந்த நாளிலிருந்தே போக்கு ஏழு நாளைத் தாண்டினால், ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைந்தால், ஓர் அங்குலத்துக்கும் பெரிய கட்டிகள் விழுந்தால், இரும்புச்சத்து இறங்கினால் இந்தச் சோதனை தேவை. அடிக்கடி மூக்கில் இரத்தம் வருவதும், பல் பிடுங்கியபின் நிற்காததும், வீட்டில் இன்னொருவருக்கு இதே தொல்லை இருப்பதும் சந்தேகத்தைக் கூட்டும்.

வழக்கமான உறைதல் சோதனைகள் சரியாக இருந்தாலும் இந்த நோய் ஒளிந்திருக்கலாம். பதற்றம், காய்ச்சல், ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஆகியவை புரதத்தின் அளவைத் தற்காலிகமாக உயர்த்திவிடும். அதனால் சந்தேகம் வலுவாக இருந்தால் ஒருமுறை ‘நார்மல்’ வந்ததோடு விடாமல் மறுபடி பார்க்கிறார்கள். ‘இந்த வயசுல இப்படித்தான், போகப்போக சரியாயிடும்’ என்று அடுத்த மாதவிலக்குக்குக் காத்திருப்பதில்லை. யோர்டிஸுக்குக் கிடைத்தவை நான்குதான்.